மின்ச்சி மணக்கும் ஜாரும் ஒரு கோப்பை வட்டிலாப்பமும்

நுஸ்ரத்தின் அழைப்பு வந்தபோது பஹ்மியா தையல் மெஷினில் ஒரு பாடசாலைச் சட்டைக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, கால் மிதியை நிறுத்தாமலே "சொல்லுங்க மச்சி" என்றாள்.

நுஸ்ரத் அவளது கணவனின் தங்கை, கலியாணத்துக்கு நிற்கிற றிஸ்னாவின் உம்மா. கிண்ணியாவில் இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. நடந்தே வந்து கதைக்கக்கூடியவள் போனில் கதைக்கிறாள் என்றால் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத விஷயம் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"மச்சி, ஞாயிற்றுக்கிழமை மூதூர் ஆக்கள் வாறாங்கல்லா, றிஸ்னாவப் பேசி முடிக்க."

"ஓம், தெரியுந்தானே. கஜு எல்லாம் வாங்கி வச்சிட்டன்."

கஜு என்ன விலை என்று நுஸ்ரத் கேட்டாள். பிறகு, "இல்ல மச்சி, உங்களுக்கும் தையல் வேலை. அதான் வட்டிலாப்பத்தக் கடையில சொல்லுவம் எண்டு பார்த்தன்."

பஹ்மியாவின் கால் நின்றது.

அவள் இந்த வீட்டுக்கு வாழ வந்ததிலிருந்து குடும்பத்தில் எந்த நல்ல காரியத்துக்கும் இனிப்புக்கு வைக்கிற வட்டிலாப்பம் அவள் கைதான். நிக்காஹ், பெயர் வைக்கிற நாள், ஹஜ்ஜுக்குப் போகிறவர்களை வழியனுப்புகிற விருந்து, எல்லாவற்றுக்கும். பிரியாணியை யாரும் சமைக்கலாம். அதற்கு ஊரில் சமையல்காரர்கள் இருக்கிறார்கள். வட்டிலாப்பம் மட்டும் "பஹ்மியாட்ட சொல்லுங்க" என்றுதான் வரும். அதற்கு அவள் கூலி கேட்டதில்லை. கேட்காமலே ஒரு மரியாதை வந்துகொண்டிருந்தது. சபையில் கோப்பை பரிமாறும்போது "இது ஆருட கை?" என்று யாராவது கேட்பார்கள். உள்ளே குசினியில் நிற்பவள் காதில் அது விழும். அவ்வளவு போதும்.

"கடையிலயா?" என்றாள். "ஏன் மச்சி, உள்ளதச் சொல்லுங்க."

"கோவிக்கக் கூடா."

"கோவிக்க மாட்டன். சொல்லுங்க."

"பெருநாளைக்குத் தந்த வட்டிலாப்பத்தில உள்ளி மணந்திச்சி மச்சி. மின்ச்சியும். நான் வாய் திறக்கல்ல. புள்ளையள்தான், 'உம்மா, மாமி வட்டிலாப்பத்துக்குச் சட்னி போட்டிருக்கா' எண்டு சிரிச்சாளுகள்."

பஹ்மியாவுக்குக் காது சூடேறியது. அந்த வட்டிலாப்பத்தை அவளும் சாப்பிட்டாள். நன்றாகத்தானே இருந்தது?

"மச்சி," என்றாள் நிதானமாக, "நாளைக்குப் பகல் ளுஹருக்கு முன்ன ஒரு கோப்பை கொண்டு வாறன். நீங்க ருசி பாருங்க. சரியில்லாட்டி கடையில சொல்லுங்க. நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டன்."

"சரி மச்சி. நாளை வரைக்கும் பார்ப்பம்."

நுஸ்ரத் வைத்துவிட்டாள். பஹ்மியா மெஷினை மூடிவிட்டுக் குசினிக்குப் போனாள்.

மிக்ஸி கத்தாரில் இருக்கிற மூத்த மகன் அனுப்பியது. வரும்போது மூன்று ஜாரோடு வந்தது. சின்ன ஜாரின் கைப்பிடி உடைந்தது. நடு ஜாரை யாரோ இரவல் வாங்கிப் போனார்கள், போனது போனதுதான். மிஞ்சியது பெரிய ஜார் ஒன்று. அதில்தான் கொத்தமல்லி, மிளகாய், மஞ்சள், எல்லாம். நோன்பு மாதத்தில் சர்பத்துக்கு ஐஸ்கட்டியும் அதில்தான் உடைந்தது. அந்த மாதம் முழுவதும் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள மின்ச்சி எனும் புதினா இலை, உள்ளிப்பூண்டு, பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி சேர்த்த சட்னியும் அதில்தான். ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸருக்குப் பிறகு அரைத்தாள்.

வட்டிலாப்பத்துக்கு ஜார் இல்லாமல் முடியாதா என்றால், மற்றவர்களுக்கு முடியும். கையால் தேங்காய்ப் பால் பிழிந்து, கரண்டியால் முட்டை அடித்து முடித்துவிடுவார்கள். பஹ்மியாவின் பக்குவம் வேறு. அவள் கஜு எனும் முந்திரிப் பருப்பை முதற்பாலோடு மைபோல அரைத்துச் சேர்ப்பாள். அந்த வழுவழுப்புத்தான் அவள் வட்டிலாப்பம். ஜார் இல்லையென்றால் அது வேறு யாருடையதோ ஆகிவிடும். அக்கம்பக்கத்தில் இரவல் கேட்கலாம். ஆனால் பெருநாள் முடிந்த இந்த நாட்களில் ஊரில் எந்த ஜாரை மணந்தாலும் மின்ச்சிதானே வரும்?

ஜாருக்குள் முகத்தைவிட்டு மணந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி மணந்தாள். எவர்சில்வர் மணம், அவ்வளவுதான்.

அன்று அவள் ஆறு நோன்பில் ஒன்றைப் பிடித்திருந்தாள். பெருநாளுக்கு அடுத்து வருகிற அந்த ஆறையும் விடாமல் பிடிப்பவள். சமைக்கிறவர் நுனி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பலாம் என்று மௌலவி சொல்லியிருக்கிறார்தான். பஹ்மியாவுக்கு அதில் மனம் ஒப்பாது. நோன்போடு சமைத்தால் மூக்காலேயே உப்புப் புளி பார்த்துவிடுவாள். பெருநாளைக்கு முதல் நாளும் அப்படித்தான், மூக்கை நம்பித்தான் அரைத்தாள், அடித்தாள், அவித்தாள். அந்த மூக்கைப் பார்த்துத்தான் இப்போது நுஸ்ரத்தின் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

"இஞ்சப் பாருங்களன்," என்று கூப்பிட்டாள். "கொஞ்சம் வாங்க."

கணவர் ஸுஹைர் விறாந்தையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். புல்மோட்டையில் கனிய மண் பிரிக்கிற இடத்தில் வேலை. விடுமுறைக்குத்தான் வீடு வருவார். அங்கே விடுதிச் சாப்பாட்டில் மின்ச்சியும் கிடையாது, உள்ளியும் அளவாகத்தான்.

"இத மணந்து பாருங்க."

ஸுஹைர் குனிந்தார், நிமிர்ந்தார். "அல்லாஹ்வே! என்னத்தப் போட்டு வச்சிரிக்கிங்க இதுக்குள்ள?"

"ஒண்டுமில்ல. கழுவின ஜார்."

"கழுவின ஜார் இப்படியெண்டா கழுவாத ஜாரை எனக்குக் காட்டாதிங்க."

பஹ்மியா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். முதலில் வெந்நீரில் சவர்க்காரம் இரண்டு சொட்டு விட்டு மூடிபோட்டு ஓடவிட்டாள். நுரை கொப்பளித்தது, ஊற்றினாள். பிறகு அப்பச்சோடாவைக் குழைத்து உட்புறம் முழுக்கப் பூசி ஊறவிட்டுத் தேய்த்தாள். பிறகு தேசிக்காய்த் தோலைத் துண்டு துண்டாகப் போட்டு அரைத்தாள்.

அரைத்தாள் என்று சொல்வதும் மரியாதைக்குத்தான். தோல் துண்டுகள் பிளேட்டைச் சுற்றிச் சுற்றி ஓடினவே தவிர உடையவில்லை. ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களைப்போல ஒரு வட்டம் அடித்துவிட்டு முழுசாகவே அடியில் இறங்கின. விரல் நுனியால் பிளேட்டைத் தடவிப் பார்த்தாள். கரண்டிக் காம்புபோல மொண்ணையாக இருந்தது. இந்தப் பிளேட்டில் கஜு மையாகுமா? தேங்காய்ப்பூவில் பால் இறங்குமா? பெருநாள் வட்டிலாப்பம் கொஞ்சம் தளர்ந்து போனதும் இதனால்தான் என்று அப்போதுதான் உறைத்தது. முட்டை குறைந்துவிட்டது என்று நினைத்திருந்தாள்.

"பிளேட் மழுங்கிப் போச்சு," என்றாள்.

"அது லேசு," என்றார் ஸுஹைர். "கல்லுப்பு போட்டு அரைச்சாத் தீட்டுப்படும் எண்டு போனில ஒரு வீடியோவில காட்டினான். பொறுங்க, நான் பார்க்கிறன்."

"கல்லுப்பு முடிஞ்சு போச்சே. தூள் உப்புத்தான் கிடக்கு."

"நீங்க போய்த் தொழுங்க. நான் பார்க்கிறன் எண்டல்லா சொல்றன்."

பஹ்மியா முற்பகல் தொழுகையான ளுஹா தொழப் போனாள்.

இந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஸுஹைர் விடுமுறைக்கு வரும்போது அவருடைய சப்பாத்துக்குள்ளும் காற்சட்டை மடிப்புக்குள்ளும் புல்மோட்டைக் கறுப்பு மண் ஒரு கைப்பிடி வரும். பஹ்மியா அதைத் தட்டி ஒரு ஜாம் போத்தலில் சேர்த்து வைப்பாள். சாதாரண மண்ணைவிடப் பாரமான மண், மினுங்கும். கறிச்சட்டி அடியில் பிடித்த கரியை அந்த மண் போட்டுத் தேய்த்தால் உரித்ததுபோல வந்துவிடும். போத்தல் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில்தான் எப்போதும் நிற்கும்.

தொழுகையின் முடிவில் சலாம் கொடுத்துத் திரும்புகையில் குசினியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மிக்ஸியின் சத்தம் இல்லை. தகரத்தை ஆணியால் கிழிக்கிற சத்தம். தொழுகைப் பாயைச் சுருட்டாமலே ஓடினாள்.

ஸுஹைர் மிக்ஸியை நிறுத்திவிட்டு, பிள்ளையின் விளையாட்டுச் சாமானை உடைத்துவிட்டவர்போல நின்றுகொண்டிருந்தார். மேசையில் ஜாம் போத்தல் பாதி காலி.

"என்ன செஞ்சிங்க?"

"உப்பே தீட்டுமெண்டா... இது உப்பை விட வைரமான மண்ணல்லா புள்ள. சட்டிக் கரியையே பெயர்க்குதே. கொஞ்சம் தண்ணியும் விட்டனான், லேசா ஓடட்டும் எண்டு."

"யா அல்லாஹ்."

மண்ணைக் கொட்டிக் கழுவிப் பார்த்தார்கள். கையால் பிளேட்டைச் சுற்றினால் நறநறவென்று அரைபட்டது. ஜாரில் தண்ணீர் விட்டதும் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகியது. பிளேட்டோ முன்னையிலும் மொண்ணை.

"மண் வேலை பார்த்த மனிசன் மண்ணாலயே என்ட மானத்த வாங்கிட்டிங்க," என்றாள் பஹ்மியா. அழுகை வரப் பார்த்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அது பாதி வழியில் சிரிப்பாகிவிட்டது. "எடுங்க மோட்டார் சைக்கிள. பசாருக்குப் போவம்."

ஊரே அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற ஹிஸ்புல்லாவின் திருத்தக் கடை பசாரில் மீன் சந்தைக்குப் போகிற முனையில் இருக்கிறது. கடை என்றால் ஒரு மேசை, ஒரு தகரக் கூரை, சுற்றிவர மின்விசிறிகளும் அழுத்துப்பெட்டிகளும். காக்கா ஜாரை வாங்கிக் காதோரம் வைத்துப் பிளேட்டைச் சுற்றினார்.

"இதுக்குள்ள என்ன, கடற்கரையா?"

ஸுஹைர் வேறு பக்கம் பார்த்தார். பஹ்மியாதான் நடந்ததைச் சொன்னாள். காக்காவுக்குச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"தம்பி, உப்புப் போட்டாலும் பிளேட் தீட்டுப்படாது. அது உள்ளுக்கு ஒட்டினதத்தான் கழட்டும். பிறகு தண்ணியில கரைஞ்சு போகும், பாவம் ஒருத்தருக்கும் கெடுதி இல்ல. உங்கட மண் கரையாதே. நேரா புஷ்ஷுக்குள்ள போய்க் குடியேறிட்டு."

"புஷ் எண்டா?" என்றாள் பஹ்மியா.

"பிளேட்டுட தண்டு சுத்துற குழாய். ஜாருட அடியில இரிக்கும்."

அவர் ஜாரைக் கவிழ்த்து அடியிலுள்ள பல்லை ஒரு குறட்டால் பிடித்துக்கொண்டு, மேலே பிளேட்டைச் சாவியால் திருகினார். முதலில் அசையவில்லை. எண்ணெய் ஒரு துளி விட்டு மறுபடி திருக, பிளேட் கழன்று கையோடு வந்தது.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பின்வாங்கினார்கள்.

பிளேட் இருந்த இடத்தைச் சுற்றி, அதன் அடி மறைவில், கறுத்த பச்சை நிறத்தில் ஒரு வளையம் படிந்திருந்தது. நோன்பு முதல் நாள் சட்னியிலிருந்து கடைசி நாள் சட்னி வரை, ஒன்றன்மேல் ஒன்றாக. நடுநடுவே கறுப்பு மண் மினுங்கியது. எவ்வளவு சவர்க்காரம் போட்டு ஓடவிட்டாலும் தண்ணீர் மேலால்தான் சுற்றும்; பிளேட்டுக்குக் கீழே ஒரு காலமும் போயிராது.

"இதக் காயவச்சிங்களெண்டா அடுத்த நோன்புக் கஞ்சிக்கும் போதும்," என்றார் காக்கா, ஒரு பழைய பல்துலக்கியால் சுரண்டிக்கொண்டே.

"காக்கா, இதச் சொல்லிச் சிரிக்காதிங்க, பெண் பார்க்க ஆக்கள் வாறாங்க," என்றாள் பஹ்மியா.

"உண்மையச் சொல்லட்டா? தம்பி மண் போட்டது நல்லதாப் போச்சு. இல்லாட்டி இதக் கழட்டியிரிக்கவே மாட்டிங்க."

"கேட்டிங்களா?" என்றார் ஸுஹைர் உடனே. மண் போட்ட பிறகு அவர் வாயிலிருந்து தைரியமாக வந்த முதல் வார்த்தை அதுதான்.

"கேட்டன், கேட்டன். அதுக்காக ஜாம் போத்தல்ல இனிமேக் கை வைக்காதிங்க."

காக்கா பழைய பிளேட்டைத் தீட்டக்கூடிய நிலையில் இல்லை என்று ஒதுக்கிவிட்டுப் புதிய பிளேட்டும் புஷ்ஷும் அடி வளையமும் போட்டுத் தந்தார். தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள், ஒழுகவில்லை. பிளேட்டில் விரலை வைக்க வேண்டாம் என்றார், வைத்தால் விரல் பிளேட்டோடு போகும் என்றார்.

திரும்பி வருகிற வழியில் ஸுஹைர் நேராக வீட்டுக்கு வராமல் பாலத்துப் பக்கமாக விட்டார். கோபத்தை ஆற்றுகிற எண்ணமாக இருக்கும். குடாவிலிருந்து உப்புக் காற்று முகத்தில் அடித்தது. பஹ்மியா ஜாரை மடியில் அணைத்துக்கொண்டு அந்தக் காற்றை இழுத்து இழுத்து விட்டாள். நோன்போடு வெயிலில் அலைந்த களைப்பு, ஆனாலும் மனசில் ஒரு தெம்பு வந்திருந்தது.

வீட்டுக் கதவைத் திறந்து குசினிக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றாள்.

மணந்தது. உள்ளியும் மின்ச்சியும், நேற்று அரைத்ததுபோல. ஒரு மாதமாகத் தன் குசினியில் இப்படியொரு மணம் இருந்தது அவளுக்குத் தெரியாது. இங்கேயே நின்று, இங்கேயே மூச்சுவிட்டு, மூக்கு அதைப் பழகிப்போய் ஒரு மணமாகவே எண்ணாமல் விட்டிருக்கிறது. வெளிக்காற்றில் போய் வந்த மூக்கு இப்போதுதான் புதிதாக விழித்திருக்கிறது.

"ஜார் இஞ்ச என்ட கையில இரிக்கி," என்றாள். "அப்ப இது எங்கயிருந்து வருது?"

வேட்டைநாய்போல மணந்துகொண்டு போனாள். சீலைத் துணி இல்லை. குப்பை வாளி இல்லை. சன்னலோரம் காயவைத்திருந்த ஜார் மூடியிடம் வந்ததும் தலை தானாகப் பின்னால் போனது. கடைக்கு அவர்கள் மூடியைக் கொண்டுபோகவில்லை.

மூடியின் ஓரத்தில் ஒரு றப்பர் வளையம் பதிந்திருந்தது. வாழ்நாளில் அவள் அதைக் கழற்றியதில்லை. கழற்றக்கூடியது என்றும் நினைத்ததில்லை. தலை ஊசியை எடுத்து நெம்பினாள். வளையம் பாம்புபோல எழும்பி வந்தது. அதன் கீழே பள்ளம் முழுக்கப் பச்சைக் களி.

"பிடிச்சிட்டன்!" என்று கத்தினாள்.

"ஆரை?" என்றபடி ஸுஹைர் செருப்போடு உள்ளே ஓடிவந்தார்.

வளையத்தை அப்பச்சோடா போட்ட சுடுநீரில் ஊறவைத்துத் தேய்த்தாள். மூடியின் பள்ளத்தைத் துணி சுற்றிய ஈர்க்கால் சுற்றிவரத் துடைத்தாள். தேசிக்காய்ப் பாதியால் மூடியைத் தேய்த்து, இரண்டையும் முற்றத்து மதிலில் வெயிலில் போட்டாள். காகம் வராமல் பார்க்கிற வேலை ஸுஹைருக்கு. அவர் கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் மதிலுக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு றப்பர் வளையத்துக்குக் காவல் இருந்தார். தெருவால் போன ஒருவர் என்ன என்று கேட்க, "மச்சிமாருக்கு இடையில சமாதானம் காயுது" என்றார்.

பின்னேரம் ஒரு பிடி பச்சரிசியை வெறுமனே போட்டு அரைத்தாள். சட்டென்று மாவாகியது. அதைத் தட்டிக் கோழிக்குப் போட்டுவிட்டு, வாசலுக்கு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து மணந்தாள். ஒன்றுமில்லை. ஆனால் இன்று காலையும் ஒன்றுமில்லை என்றுதானே மூக்கு சொன்னது? ஸுஹைரைக் கூப்பிட்டு நீட்டினாள். அவர் முகத்தை உள்ளே விட்டு நெடுநேரம் வைத்திருந்தார்.

"என்ன?"

"கொஞ்சம் அரிசி மணக்குது. வேற ஒண்டுமில்ல. சத்தியமா."

மறுநாள் காலை தேங்காய் துருவி, புதிய பிளேட்டில் பால் எடுத்தாள். முதற்பால் தயிர்போல விழுந்தது. கஜு ஒரு சுற்றில் நொறுங்கி, இரண்டாம் சுற்றில் காணாமல் போனது. கித்துள் பனங்கட்டியைக் காய்ச்சி வடித்து ஆறவிட்டு, முட்டை அடித்து, ஏலக்காயும் கொஞ்சம் சாதிக்காயும் போட்டு, சிறிய கோப்பையில் ஊற்றி ஆவியில் அவித்தாள். வாயில் வைக்கவில்லை. அன்றும் நோன்பு.

நுஸ்ரத் வீட்டில் விறாந்தையெல்லாம் கழுவிக்கொண்டிருந்தார்கள். றிஸ்னா ஓடிப்போய்க் கரண்டி எடுத்து வந்தாள். நுஸ்ரத் கோப்பையை முதலில் மணந்தாள். பஹ்மியா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கரண்டி. வாயை மூடிக்கொண்டு யோசித்தாள். இன்னொரு கரண்டி.

"மச்சி, சொல்லுங்களன்," என்றாள் பஹ்மியா.

மூன்றாவது கரண்டி.

"உம்மா, எனக்கு!" என்று றிஸ்னா கோப்பையை இழுத்தாள்.

"பொறுடி. கலியாணம் உனக்கு, வட்டிலாப்பம் எனக்கு." நுஸ்ரத் கோப்பையை எட்டப் பிடித்துக்கொண்டாள். பிறகு பஹ்மியாவின் கையைப் பிடித்தாள். "மச்சி, கடைக்காரனுக்கு நான் இன்னும் சொல்லல்ல. மூதூர் ஆக்கள் ஒரு வேன் நிறைய வாறாங்க. பெரிய சட்டியிலயே அவிச்சிருவிங்களா?"

"ரெண்டு சட்டி போடுறன்."

"இன்னொண்டு." நுஸ்ரத்தின் குரல் குழைந்தது. "பிரியாணிக்குத் தொட்டுக்க மின்ச்சிச் சட்னி வேணும். உங்கட கைச் சட்னி மாதிரி ஒருத்தருக்கும் வராது. அதையும் நீங்களே அரைச்சுக் கொண்டு வாங்களன்."

பஹ்மியா சிரித்தாள். சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. தலைச்சீலை நழுவி விழுந்து, அதைச் சரிசெய்து, மறுபடியும் சிரித்தாள்.

"இலையும் உள்ளியும் எடுத்து வைங்க மச்சி. நானே வந்து அரைச்சுத் தாறன். ஆனா உங்கட ஜாரில."

வீட்டுக்குத் திரும்பியபோது ஸுஹைர் முற்றத்தில் இருந்துகொண்டு தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார், யாரும் சொல்லாமலே. அவள் முகத்தைப் பார்த்தார். இன்னொரு தேங்காயை எடுத்து அலவாங்குக் கம்பியில் குத்தினார். பஹ்மியா முட்டைகளைத் தண்ணீரில் போட்டு நல்லது பார்க்கத் தொடங்கினாள்.